'ஏ' மட்டும் ஏன் இடிக்கிறது? நாலு சுவரும் பேஸ் சுரங்களும்

ஹட்டன் நகரில் ஒரு கடையின் மேல்மாடி அறை என்று வைத்துக்கொள்வோம். புளொக் கல் சுவர், மேலே கொன்கிரீட் சிலாப், கீழே சீமெந்துத் தரை. நீளம் 14 அடி, அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் வாசிக்கும் ஒரு குழு அங்கே பயிற்சி செய்கிறது. பேஸ் கிட்டார்காரர் மூலையில் ஆம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பாடுகிற பையன் மைக்கோடு அறையின் நட்டநடுவில் நிற்கிறான்.

"அண்ணே, பேஸ் கேக்கவே இல்ல. கொஞ்சம் ஏத்துங்க."

"இன்னும் ஏத்துறதா? இங்க செவுரே ஆடுது தம்பி."

இருவர் சொல்வதும் உண்மை. இன்னொன்றையும் கவனித்துப் பார்த்தால், மூலையில் இருப்பவருக்கு எல்லாச் சுரமும் ஒரே அளவில் இடிப்பதில்லை. மூன்றாம் கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் 'ஏ' வீங்கி நிற்கிறது. அதற்குச் சற்றுக் கீழே உள்ள 'ஜி' வற்றிப் போய்க் கேட்கிறது. விரல் தட்டும் பலம் ஒன்றுதான், ஆம்பின் குமிழ்களையும் யாரும் தொடவில்லை. ஆம்பை மாற்றினாலும், கம்பியை மாற்றினாலும் இது போகாது. வித்தியாசத்தை உண்டாக்குவது அறையின் நீள அகல உயரம்.

முதலில் நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். மலைநாட்டுக் குளிரில், 16, 17 பாகை செல்சியஸில், ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 1120 அடி ஓடும். 14 அடி தள்ளியிருக்கும் எதிர்ச் சுவருக்குப் போய், மோதித் திரும்பி வர அது 28 அடி ஓட வேண்டும். 1120ஐ 28ஆல் வகுத்தால் 40. அதாவது ஒரு வினாடிக்குள் ஒலி இந்தச் சுற்றை 40 தடவை முடிக்கும். இப்போது ஸ்பீக்கரும் வினாடிக்கு 40 தடவை காற்றைத் தள்ளுகிறது என்று நினையுங்கள். முதல் தள்ளல் போய்த் திரும்பி வரும் அதே நேரத்தில் அடுத்த தள்ளல் புறப்படுகிறது. பழையதும் புதியதும் கைகோர்க்கின்றன. அதற்கடுத்ததும் வந்து சேருகிறது. சுவர் விழுங்கும் சக்தியும் ஸ்பீக்கர் கொடுக்கும் சக்தியும் சமமாகும் வரை ஒலி ஏறிக்கொண்டே போகும். இதுதான் பரிவு. வினாடிக்கு 50 தடவை தள்ளினால் திரும்பி வரும் அலை தப்பான நேரத்தில் வந்து சேரும். புதிய தள்ளலோடு ஒத்துப்போகாமல் அதைக் கொஞ்சம் அழித்தும் விடும்.

பீலியில் நிரப்பிய வாளியைத் தூக்கி நடந்தவர்களுக்கு இது கைக்குத் தெரிந்த விஷயம். ஒரு குறிப்பிட்ட நடை வேகத்தில் மட்டும் தண்ணீர் இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்குமாக ஏறி இறங்கிக் காலில் கொட்டும். கொஞ்சம் வேகத்தை மாற்றினால் அடங்கிவிடும். அப்படித் தண்ணீர் ஆடும்போது ஓரத்தைப் பாருங்கள்: அங்கேதான் மட்டம் அதிகமாக உயர்ந்து தாழ்கிறது. வாளியின் நடுவில் மட்டம் அநேகமாக அப்படியே இருக்கிறது. அறைக்குள் இருக்கும் காற்றும் இதே மாதிரிதான். தண்ணீர் மட்டம் என்ற இடத்தில் காற்றின் அமுக்கம் என்று போட்டுக்கொள்ளுங்கள். காதும் மைக்கும் உணர்வது இந்த அமுக்க மாற்றத்தைத்தான். சுவரோரத்தில் அமுக்கம் பெரிதாக ஏறி இறங்கும், அது முரண்கணு. நடுவில் மாற்றமே இராது, அது கணு. அலை இரு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாலும், பார்வைக்கு ஓரிடத்தில் நின்று ஆடுவது போல இருப்பதால் இது நின்ற அலை. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் பரிவுக் குழாயை நினைத்துக்கொள்ளலாம். இரண்டு முனையும் மூடிய குழாய்தான் அறை.

ஒலிப்பதிவுக்காரர்கள் இந்த ஒவ்வொரு நின்ற அலையையும் 'ரூம் மோட்' என்பார்கள். கணக்கு எளியது. ஒலியின் வேகத்தில் பாதியை எடுத்து, சுவருக்குச் சுவர் உள்ள தூரத்தால் வகுத்தால் முதல் மோட் கிடைக்கும். அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு எல்லாம் அடுத்தடுத்த மோட்கள். வேகத்தில் பாதி 560. எனவே நம் அறையின் நீளத்துக்கு 560 ÷ 14 = 40 ஹேர்ட்ஸ், பிறகு 80, பிறகு 120. அகலத்துக்கு 560 ÷ 10 = 56, பிறகு 112. உயரமும் 10 அடி என்பதால் அதற்கும் அதே 56, அதே 112.

இந்த அறையின் கோளாறு இங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருப்பதால் இரண்டு மோட்கள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக 56இல் உட்கார்ந்திருக்கின்றன. பேஸ் கிட்டாரின் 'ஏ' 55 ஹேர்ட்ஸ். இதைவிடப் பொருத்தமாக யாரும் வேண்டுமென்று அமைத்திருக்க முடியாது. நாலாம் கம்பியின் 'ஈ' 41.2 ஹேர்ட்ஸ்; அதுவும் 40க்குப் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் வீங்கும், ஆனால் அங்கே இருப்பது ஒரே ஒரு மோட். 'ஜி' 49 ஹேர்ட்ஸ். 40க்கும் 56க்கும் இடையில் அறைக்கு மோட் எதுவும் கிடையாது, ஆகவே 'ஜி'யைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. ஸ்பீக்கர் கொடுப்பது மட்டுமே மிஞ்சுகிறது. பக்கத்தில் 'ஏ' இரண்டு மோட்களின் தோளில் ஏறி நிற்கும்போது 'ஜி' இன்னும் மெலிந்து தெரியும்.

ஒலி இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் மட்டும் ஓடுவதில்லை, நாலு சுவரையும் சுற்றி வரும், மூலைக்கு மூலை கோணலாகவும் ஓடும். அதையெல்லாம் சேர்த்த முழுச் சூத்திரம் இது:

```
f = (v/2) × √( (p/L)² + (q/W)² + (r/H)² )
```

v ஒலியின் வேகம். L, W, H அறையின் நீளம், அகலம், உயரம். p, q, r என்பன 0, 1, 2 என்று போகும் முழு எண்கள். மூன்றும் ஒரே நேரத்தில் 0 ஆக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். p=1, q=1, r=0 என்று போட்டால் நீளமும் அகலமும் சேர்ந்த மோட் வரும்: 40இன் வர்க்கம் 1600, 56இன் வர்க்கம் 3136, கூட்டினால் 4736, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 69. நீளமும் உயரமும் சேர்ந்தாலும் அதே 69. அகலமும் உயரமும் சேர்ந்தால் 79, அது நீளத்தின் 80ஓடு போய் ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஓடும் மோட்கள் ஒவ்வொரு சுற்றிலும் அதிகச் சுவர்களில் மோதிச் சக்தியை இழப்பதால் பொதுவாகப் பலம் குறைந்தவை. முதல்முறை கணக்குப் போடுகிறவர் நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் தனித்தனியே வரும் எண்களைப் பார்த்தாலே போதும், வில்லன் யாரென்று தெரிந்துவிடும். நம் அறையில் 112இலும் இரட்டை மோட் இருக்கிறதே, அது மேல் 'ஏ'யின் 110க்குப் பக்கம். ஆக 'ஏ' எந்த ஸ்தாயியில் வந்தாலும் இந்த அறைக்குக் கொண்டாட்டம்.

இடையில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். அங்கே காற்று மெல்லியது, ஆகவே ஒலியின் வேகமும் வேறாகத்தானே இருக்கும் என்று சிலர் கேட்பார்கள். உயரம் செய்வது ஒன்றுமில்லை. காற்றில் ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். அமுக்கமும் அடர்த்தியும் சேர்ந்து குறைவதால் ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடும். இதே அறையைக் கொழும்புக்குத் தூக்கிப்போய் 28 பாகை வெயிலில் வைத்தால் வேகம் 2 வீதம் அளவுக்குக் கூடும். 56 ஹேர்ட்ஸ் 57 ஆகும். அது அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு, நடைமுறையில் பெரிய மாற்றமில்லை. குளிர் வேறு விதத்தில் வேலையைக் காட்டுகிறது: மலைநாட்டில் ஜன்னலையும் கதவையும் சாத்தி வைத்துக்கொண்டு வாசிக்கிறோம். கொழும்பில் திறந்து கிடக்கும் ஜன்னல் வழியே பேஸில் ஒரு பங்கு வெளியே ஓடிவிடும்.

இனி அந்தப் பாடகப் பையனிடம் வருவோம். 40 ஹேர்ட்ஸ் மோட்டின் கணு நீளத்தின் நடுவில், 7 அடியில். அகலத்தின் 56க்குக் கணு 5 அடியில். உயரத்தின் 56க்கும் கணு தரையிலிருந்து 5 அடியில், அதாவது நின்றுகொண்டிருக்கும் ஆளின் காது இருக்கும் உயரத்தில். நடுவில் நிற்கிறவன் மூன்று கணுக்களும் வெட்டிக்கொள்ளும் ஒரே புள்ளியில் தலையை வைத்திருக்கிறான். அவனுக்குப் பேஸ் கேட்காததில் அதிசயம் ஒன்றுமில்லை. பேஸ்காரரோ இரண்டு சுவரும் தரையும் சந்திக்கும் மூலையில் இருக்கிறார். அங்கே எல்லா மோட்டுக்கும் முரண்கணு, ஒன்றுகூடத் தப்பாது. பையனுக்காக ஆம்பை ஏற்றினால் மூலையில் இடி கூடுமே தவிர நடுவில் 'ஏ' வந்துவிடாது.

ஆனாலும் நடுவில் பேஸ் அடியோடு செத்துப் போவதில்லை. நீளத்தின் இரண்டாம் மோட்டான 80க்கு அறையின் நடுவில் முரண்கணு. அதன் கணுக்கள் இரண்டு முனைச் சுவரிலிருந்தும் 3½ அடி தள்ளி இருக்கின்றன. 'ஈ' கம்பியை மீட்டினால் 41ஓடு சேர்ந்து அதன் இரட்டிப்பான 82உம் பிறக்கிறது. அடிச் சுரம் நடுவில் காணாமல் போனாலும் 82 நன்றாகக் கேட்கும், அதையும் மற்ற மேல் மடங்குகளையும் வைத்து மூளை 'ஈ'யை ஊகித்துக்கொள்ளும். சுரம் புரியும், நெஞ்சில் மோதும் கனம் மட்டும் இருக்காது.

இடிப்பு என்பது சத்தம் கூடுவது மட்டுமல்ல, நீளுவதும்தான். பரிவில் சேர்ந்த சக்தி உடனே போகாது. 'ஏ'யை ஒரு தட்டுத் தட்டிக் கையால் கம்பியை அமுக்கிப் பாருங்கள்: கம்பி நின்ற பிறகும் அறை முனகிக்கொண்டிருக்கும். அப்படி முனகும்போது அது 'ஏ'யின் 55இல் முனகுவதில்லை, தன் சொந்த 56இல் முனகும். வேகமான பேஸ் வரிகளில் ஒவ்வொரு 'ஏ'யும் அடுத்த சுரத்தின் மேல் வழிந்து குழம்புவதற்கு இதுதான் காரணம். மோட் எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவுக்கு அது குறுகலாகவும் இருக்கும். வெறும் கொன்கிரீட் அறையில் ஒலி முழுதாக அடங்க ஒரு வினாடி எடுக்கிறது என்றால், மோட்டின் அகலம் 2 ஹேர்ட்ஸ் அளவுதான். 'ஏ' இடிக்கும்போது பக்கத்திலிருக்கும் 'ஜி ஷார்ப்' ஓரளவு அமைதியாக இருப்பது அதனால்தான். அரை வினாடியில் அடங்கும் அறையில் மோட் 4, 5 ஹேர்ட்ஸுக்குப் பரவி மேடு தணிந்துவிடும்.

அப்படியானால் பாட்டுக் குரலுக்கும் கீபோர்டின் மேல் சுரங்களுக்கும் ஏன் இந்தத் தொல்லை இல்லை? அங்கேயும் மோட்கள் இருக்கின்றன, மிக அதிகமாகவே இருக்கின்றன. மீடிறன் ஏற ஏற மோட்கள் நெருங்கிக்கொண்டே போகும். நம் அறையின் அளவுக்கு 250, 300 ஹேர்ட்ஸுக்கு மேலே அவை ஒன்றின் மேல் ஒன்று படிந்து இடைவெளியே தெரியாமல் போய்விடும். எந்தச் சுரத்தைப் பாடினாலும் பத்துப் பதினைந்து மோட்கள் சேர்ந்து தாங்கும். பேஸில் மட்டும்தான் மோட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்து நிற்கின்றன. மண்டபம் பெரிதாக இருந்தால் இந்தத் தொல்லை காது எட்டாத அளவுக்குக் கீழே இறங்கிவிடும். சின்ன அறைக்கே உரிய வியாதி இது.

நம் ஊரில் எல்லாச் சின்ன அறைக்கும் இது ஒரே மாதிரி வராது. பழைய லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடிதான், ஆனால் மேலே தகரக் கூரை. மெல்லிய தகரமும் பலகைத் தட்டும் தாழ்ந்த மீடிறன்களைத் திருப்பி அனுப்புவதில்லை, தாமும் கூடவே ஆடி வெளியே விட்டுவிடும். உள்ளே இடிப்புக் குறைவு, பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தூக்கம் கெடும். பலகைத் தரையும் மரக் கூரைத் தட்டும் உள்ள பழைய துரை பங்களா அறைகளிலும் பேஸ் அடக்கமாக இருப்பது இதே காரணத்தால். சிலாப் போட்ட புது வீடுகள்தான் மோசம்.

உங்கள் அறையில் நடப்பது இதுதானா என்று சோதிக்க, போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு அதை ஆம்பிலோ சப்வூஃபரிலோ இணையுங்கள். போனின் சொந்த ஸ்பீக்கர் 56 ஹேர்ட்ஸைத் தரவே தராது. ஸ்பீக்கரை மூலையில் வைத்து, மிதமான சத்தத்தில் 30இலிருந்து 120 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டு போங்கள். திடீரென்று வீங்கும் இடங்களைக் குறித்து, கணக்குப் போட்ட எண்களோடு ஒப்பிடுங்கள். ஓரிரு ஹேர்ட்ஸ் விலகல் இயல்பு, சுவர் முழுதாக விறைப்பானதல்ல, கதவும் ஜன்னலும் வேறு இருக்கின்றன. பிறகு வீங்கும் இடத்திலேயே டோனை நிறுத்திவிட்டு அறையில் நடந்து பாருங்கள். சுவரோரத்தில் பெருத்து, ஓரிடத்தில் மறைந்து, மறுபடி பெருத்தால் அது நின்ற அலைதான். எங்கு நின்றாலும் ஒரே மாதிரிப் பெருத்திருந்தால் ஆம்பையோ கிட்டாரையோ சந்தேகப்படலாம். ஜன்னல் கண்ணாடி படபடத்தால் அது வேறு கதை, அதைத் தனியாகப் பாருங்கள். ஒலி மட்டத்தை அளக்கும் செயலியை நம்புகிறவர்கள் அதிலே A என்ற தெரிவு இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். அது 50 ஹேர்ட்ஸ் பக்கம் 30 டெசிபெல் வரை குறைத்துக் காட்டும்.

இனி வைத்தியம். முட்டைத் தட்டை எல்லாரும் முதலில் ஒட்டுவார்கள். கைதட்டினால் எதிரொலி குறைந்த மாதிரித் தோன்றும், 56 ஹேர்ட்ஸுக்கு அது இருப்பதே தெரியாது. அந்த அலையின் நீளம் 20 அடி. பஞ்சு போன்ற பொருள் காற்றின் அசைவைத் தடுத்துத்தான் சக்தியை எடுக்கும், சுவரை ஒட்டிய காற்றோ அசைவதே இல்லை. அசைவு உச்சத்தில் இருப்பது சுவரிலிருந்து கால் அலைநீளம், அதாவது 5 அடி தள்ளி. இரண்டங்குல ஃபோம் என்ன செய்யும்?

காசில்லாத வழி இடமாற்றம்தான், அதற்குத்தான் பலனும் அதிகம். மோட்டின் கணுவில் வைத்த ஸ்பீக்கரால் அந்த மோட்டை எழுப்ப முடியாது. ஆம்பை மூலையிலிருந்து எடுத்து, 10 அடிச் சுவரின் நடுவில், இரு பக்கமும் 5 அடி விட்டு வையுங்கள். அகலத்தின் 56 அநேகமாக அடங்கிவிடும். உயரத்தின் 56 மட்டும் மிஞ்சும், தரையில் ஆம்ப் இருக்கும் வரை அது முழுப் பலத்தோடு இருக்கும். இரண்டரை அடி மேசைமேல் ஏற்றினால் அதிலும் 3 டெசிபெல் குறையும். இரட்டை மோட் ஒற்றை ஆகிவிட்டதே, 'ஏ'க்கும் 'ஜி'க்கும் உள்ள பேதம் காதுக்கே தெரியும் அளவுக்குச் சுருங்கும். பேஸ்காரரும் மூலையை விட்டு வரட்டும். பாடகர் நடுவிலிருந்து ஒன்றரை அடி, இரண்டடி நகர்ந்து, முனைச் சுவரிலிருந்து 5 அடி சுமாரில் நின்றால் 40 ஹேர்ட்ஸ் கொஞ்சம் எட்டும், 80உம் தப்பாது.

சப்வூஃபர் வைத்துப் பாட்டுக் கேட்பவர்களுக்கு இன்னொரு உபாயம் உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் கதிரையில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். பேஸ் எந்த இடத்தில் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்துவிட்டுக் கதிரைக்குத் திரும்புங்கள். கொடுக்கும் இடமும் கேட்கும் இடமும் மாறினாலும் அறை இரண்டுக்கும் ஒரே பதிலைத் தருவதால் இது பலிக்கும். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், அது வேறு.

இடமாற்றம் போதாவிட்டால், தகரக் கூரை தற்செயலாகச் செய்ததை நாம் வேண்டுமென்று செய்யலாம். 9 மில்லிமீட்டர் பிளைவுட்டை 8 அங்குல ஆழமான மரச் சட்டத்தில் காற்றுப் புகாமல் அடித்துச் சுவரில் பொருத்தினால், பலகையும் பின்னால் அடைபட்ட காற்றும் சேர்ந்து 56, 58 ஹேர்ட்ஸ் பக்கம் ஆடும். உள்ளே கண்ணாடிப் பஞ்சைப் பலகையில் படாமல் வைத்தால் அந்த ஆட்டம் சூடாகக் கரைந்துவிடும். அமுக்கம் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் இது வேலை செய்யும். அகலத்துக்கான 56ஐப் பிடிக்க 14 அடி நீளச் சுவர்களில் வைக்க வேண்டும், உயரத்துக்கானதைப் பிடிக்கக் கூரையில். ஒரு சின்னப் பலகை போதாது, சுவரில் கணிசமான பங்கை அது மூட வேண்டும்.

ஈக்வலைசரில் 56ஐக் குறைப்பது சுலபம், ஓரிடத்தில் இருக்கும் ஒருவருக்கு அது உதவும். நடுவில் நிற்கிற பையனுக்காக 56ஐ ஏற்றுவது மட்டும் வீண்: கணுவில் எவ்வளவு கொட்டினாலும் வந்த அலையும் திரும்பிய அலையும் அதே அளவில் ஒன்றை ஒன்று அழிக்கும், ஆம்ப்தான் சூடாகும். திருவிழா மேடைக்குப் போகும் நாளில் அந்தக் குறைத்த குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். கோயில் வெளியில் சுவருமில்லை, சிலாப்புமில்லை. அறைக்காக வெட்டிய 'ஏ' அங்கே ஓட்டையாகக் கேட்கும்.